செகண்ட் மார்க்கருக்கு ஒரு மெயில்: எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம்

பிரிட்டனில் எம்எஸ்சி படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடைக்காலத் தொடக்கத்தில் துறை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும். ஆய்வேட்டின் தலைப்பு, சூப்பர்வைசர் பெயர், அதற்குக் கீழே செகண்ட் மார்க்கர், அதாவது இரண்டாம் மதிப்பீட்டாளர் என்று இன்னொரு பெயர். பல துறைகளில் அவ்வளவுதான் விவரம். அவர் என்ன செய்வார், அவருக்கு நாம் ஏதாவது அனுப்ப வேண்டுமா, அவர் சொல்லும் கருத்து நமக்கு வந்து சேருமா என்று எதுவும் இருக்காது. களப்பணிக்காக ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் குழப்பம். அங்கே இருந்தால் நடைபாதையில் யாரையாவது பிடித்துக் கேட்டுவிடலாம். சேலத்தில் இருந்துகொண்டு மெயிலில்தான் கேட்க வேண்டும்.

நான் அங்கே சில ஆண்டுகள் பாடம் எடுத்தேன். சூப்பர்வைசராக இருந்ததைவிட இரண்டாம் மதிப்பீட்டாளராக இருந்ததுதான் அதிகம். அதனால் இந்த மெயிலைப் பெறுகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இங்கே கைடு, எக்ஸ்டர்னல், வைவா என்றுதான் நமக்குப் பழக்கம். வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார், நாம் பதில் சொல்வோம். செகண்ட் மார்க்கர் அந்த எக்ஸ்டர்னல் இல்லை. அவர் பெரும்பாலும் உங்கள் துறையிலேயே வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியர். சூப்பர்வைசர் ஒரு மதிப்பெண் போடுவார், இவர் ஒன்று போடுவார், இருவரும் பேசி ஒரு மதிப்பெண்ணுக்கு வருவார்கள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்று அங்கேயும் ஒருவர் உண்டு. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்காரர், சில ஆய்வேடுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்து, மதிப்பெண் போட்ட முறை ஒழுங்கா என்று சொல்பவர். அவருக்கு மாணவர் நேரடியாக எழுதக் கூடாது. இரண்டு பேரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மெயில் அனுப்பும் முன் அது யார் பெயர் என்று பாருங்கள்.

எழுதலாமா என்பதே முதல் கேள்வி

போன வருடம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்கள்தான் அவள் ஆய்வு. சில்வர் ஓக் மட்டும் நட்டு அதில் மிளகுக் கொடி ஏற்றிய தோட்டம் ஒரு பக்கம், பலாவும் அத்தியும் மற்ற நாட்டு மரங்களும் கலந்து நிற்கும் தோட்டம் ஒரு பக்கம். எதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் விவசாயிகளிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் மலைக்குப் பஸ் ஏறி, சாயங்காலம் இறங்கி, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மெயில் பார்ப்பது.

"அக்கா, அவங்க பேரு மட்டும் வந்திருக்கு. நானா போய் அறிமுகம் பண்ணிக்கணுமா? பண்ணலைன்னா மரியாதை இல்லாத மாதிரி ஆயிடுமா?"

"மரியாதைக்குன்னு எழுதவேண்டாம் கண்ணு. தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருந்தா எழுதலாம். முதல்ல ஹேண்ட்புக்கை எடு."

ஆய்வேட்டுக்கென்று துறை ஒரு கையேடு கொடுத்திருக்கும். பிடிஎஃப்பாக இருக்கும், முழுக்கப் படித்தவர் குறைவு. அதில் தேடும் பெட்டியைத் திறந்து `second mark` என்று ஒரு முறை, `moderat` என்று ஒரு முறை, `anonym` என்று ஒரு முறை, `feedback` என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். சொல்லை முழுதாக அடிக்காமல் பாதியில் விடுவது வேண்டுமென்றுதான். அப்போதுதான் அந்தச் சொல்லின் எல்லா வடிவமும் மாட்டும்.

இந்தத் தேடலில் முதலில் பார்க்க வேண்டியது பெயர் மறைப்பு. பல பல்கலைக்கழகங்களில் விடைத்தாளும் கட்டுரையும் மாணவர் எண்ணோடு மட்டும் போகும், பெயர் தெரியாது. ஆய்வேட்டில் சூப்பர்வைசருக்கு உங்களைத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் இரண்டாம் மதிப்பீட்டாளருக்குப் பெயர் தெரியக் கூடாது என்று விதி இருக்கலாம். அப்படி இருந்தால், உங்கள் பெயரும் தலைப்பும் போட்டு அவருக்கு ஒரு மெயில் போனாலே அந்த மறைப்பு உடைந்துவிடும். அவர் அலுவலகத்தில் சொல்லி வேறொருவரைப் போடச் சொல்ல வேண்டி வரும். இந்த விதி கண்ணில் பட்டால் மெயில் எழுதும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு, கேள்விகளை சூப்பர்வைசரிடமோ துறை அலுவலகத்திடமோ கேளுங்கள். இந்தக் கட்டுரையில் கீழே வரும் கேள்விகள் அவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அவர் வேலை எந்த வகை என்பது. இரண்டு மதிப்பீட்டாளர் என்று சொன்னாலும் நடைமுறை ஒன்றாக இருக்காது. சில இடங்களில் இருவரும் ஒவ்வொரு ஆய்வேட்டையும் முழுதாகப் படித்து, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் மதிப்பெண் போடுவார்கள். சில இடங்களில் இரண்டாமவர் சூப்பர்வைசரின் மதிப்பெண்ணையும் கருத்தையும் பார்த்துக்கொண்டே படிப்பார். இன்னும் சில இடங்களில் அவர் மாடரேட்டர் மட்டும்தான். மொத்த ஆய்வேடுகளில் சிலவற்றை எடுத்து, மதிப்பெண் ஒரே அளவுகோலில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். உங்களுடையது அந்தச் சிலவற்றில் வராமலே போகலாம். மாடரேட்டரிடம் போய் "உங்கள் கருத்து எனக்கு எப்போது வரும்" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்தப் பெண்ணின் கையேட்டில் பெயர் மறைப்பு இல்லை. இருவரும் தனித்தனியாகப் படித்து ஒப்புக்கொண்ட ஒரே மதிப்பெண் வெளியாகும் என்று இருந்தது. ஜூலை மாதம் இடைக்கால விளக்கவுரை ஒன்று உண்டு என்றும் இருந்தது. அதற்கு இரண்டாம் மதிப்பீட்டாளர் வருவாரா, வந்தால் அவர் சொல்வது எழுத்தில் கிடைக்குமா என்பது மட்டும் இல்லை. அப்படி என்றால் எழுதலாம். எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் சூப்பர்வைசருக்கு ஒரு வரி. "இரண்டாம் மதிப்பீட்டாளரிடம் நடைமுறை பற்றி மூன்று கேள்வி கேட்க நினைக்கிறேன், உங்களையும் மெயிலில் சேர்க்கிறேன், சரியா?" பாதி நேரம் இந்த ஒரு வரிக்கே அவர் மூன்று கேள்விக்கும் பதில் எழுதி அனுப்பிவிடுவார். அதோடு வேலை முடிந்தது. இவளுடைய சூப்பர்வைசர் "கேளுங்கள், எனக்கும் சிசி போடுங்கள்" என்று மட்டும் எழுதினார்.

முதல் வரைவில் இருந்த சிக்கல்

அவள் எழுதி வைத்திருந்த வரைவு பணிவாகத்தான் இருந்தது. தன்னைப் பற்றி ஒரு பத்தி, ஆய்வு பற்றி இரண்டு பத்தி, ஷெவராய் மலையில் காப்பி எப்படி வந்தது என்று ஒரு பத்தி, கடைசியில் "நீங்கள் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொன்னால் அதன்படி எழுதுவேன், இரண்டாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன், நேரம் இருந்தால் பார்த்து ஆலோசனை சொல்லுங்கள்" என்று முடிந்திருந்தது.

பெறுகிறவர் இதை எப்படிப் படிப்பார் என்று சொல்கிறேன். அவருக்கு அந்தப் பருவத்தில் இப்படி ஏழெட்டு ஆய்வேடு இருக்கலாம், சொந்த மாணவர்கள் வேறு. இணைப்பைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிடும். அவர் வேலை முடிந்த ஆய்வேட்டைப் புதுக் கண்ணோடு படிப்பது. நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டால், பிறகு தான் திருத்தியதற்கே தான் மதிப்பெண் போட வேண்டியிருக்கும். சூப்பர்வைசருக்கு அந்தச் சங்கடம் ஏற்கெனவே உண்டு, அதனால்தான் இரண்டாவதாக ஒருவரை வைத்திருக்கிறார்கள். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத உதவி ஒருவருக்குக் கிடைத்தது என்ற பேச்சும் வரும். ஆகவே அவர் இணைப்பைத் திறக்காமலே "இது உங்கள் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியது" என்று ஒரு வரி எழுதுவார். கூட இருந்த நியாயமான கேள்விகளும் அந்த ஒரு வரியோடு போய்விடும்.

"என்ன எதிர்பார்க்கிறீர்கள்" என்பதும் அப்படித்தான். கேட்பவருக்கு அது பணிவு. படிப்பவருக்கு அது மதிப்பெண் பற்றிய கேள்வி. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது மதிப்பீட்டு அளவுகோலாக எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டி உங்களுக்கு மட்டும் அவர் எதுவும் சொல்ல முடியாது. பெரும்பாலான இடங்களில் எம்எஸ்சிக்கு 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். இந்த எண்கள் எதுவும் உங்கள் மெயிலில் இருக்கக் கூடாது.

நாங்கள் உட்கார்ந்து வரைவில் முக்கால்வாசியை வெட்டினோம். காப்பி வந்த கதை போயிற்று. அது அவள் முதல் அத்தியாயத்தில் இருந்தால் போதும். மிஞ்சிய ஒவ்வொரு கேள்வியையும், ஆமாம், இல்லை, அல்லது ஒரு தேதி என்று பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கினோம். போனில், இரண்டு வகுப்புக்கு நடுவே, நின்றுகொண்டே பதில் எழுதிவிடலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அந்தப் பதம்தான் முக்கியம்.

போன மெயில்

உங்கள் மெயில் ஆங்கிலத்தில் போகும். இங்கே தமிழில் தருகிறேன். வரிகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: எம்எஸ்சி ஆய்வேடு, இரண்டாம் மதிப்பீடு பற்றி மூன்று கேள்விகள், மாணவர் எண் …
>
> அன்புள்ள டாக்டர் …,
>
> என் எம்எஸ்சி ஆய்வேட்டுக்கு நீங்கள் இரண்டாம் மதிப்பீட்டாளர் என்று துறை அலுவலகம் கடந்த வாரம் தெரிவித்தது. என் சூப்பர்வைசர் டாக்டர் … அவர்களை இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன். தென்னிந்தியாவில் சிறு காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்கள் பற்றிய ஆய்வு இது. களப்பணிக்காக ஜூலை முடியும்வரை இந்தியாவில் இருக்கிறேன்.
>
> இருவரும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்புக்கொண்ட ஒரே மதிப்பெண் வெளியாகும் என்று கையேட்டில் படித்தேன். அதில் எனக்குத் தெளிவாகாதவை மூன்று.
>
> 1. ஜூலை 8 இடைக்கால விளக்கவுரைக்கு நீங்கள் வருவீர்களா? அல்லது சமர்ப்பித்த பிறகுதான் என் ஆய்வைப் பார்ப்பீர்களா?
>
> 2. வருவதாக இருந்தால், அதற்கு முன் நான் உங்களுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா? எந்தத் தேதிக்குள்?
>
> 3. விளக்கவுரை பற்றிய உங்கள் கருத்துகள் எனக்கு எழுத்தில் வருமா? நேரடியாக வருமா, சூப்பர்வைசர் வழியாகவா?
>
> இவற்றில் எதையாவது சூப்பர்வைசரிடமோ அலுவலகத்திடமோ கேட்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், அங்கே கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு உங்களுக்குப் படிக்க எதுவும் அனுப்பவில்லை.
>
> நன்றி.
>
> பெயர், மாணவர் எண், படிப்பின் பெயர்

இதில் கவனிக்க வேண்டியவை சில. கையேட்டில் என்ன படித்தேன் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். அது இல்லாவிட்டால் வரும் பதில் "கையேட்டைப் பாருங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அது இருந்தால், இந்தப் பெண் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். கையேடு பழையது, இந்த வருடம் முறை மாறிவிட்டது என்றாலும் அந்த வரியைப் பார்த்துத்தான் அவர் திருத்துவார்.

கடைசிக்கு முந்தைய பத்தி அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. தனக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். "தெரியாது" என்று மாணவரிடம் எழுதக் கூச்சப்பட்டு மெயிலை அப்படியே விட்டுவிடுவார்கள். வேறு யாரிடம் கேட்கலாம் என்று நீங்களே வழிவிட்டால் உடனே பதில் வரும்.

தொடக்கத்தில் "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" என்று நாம் இங்கே எழுதிப் பழகியதை அங்கே யாரும் எழுதுவதில்லை. டாக்டர் அல்லது புரொஃபசர், அதோடு குடும்பப் பெயர். எந்தப் பட்டம் என்று துறையின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உங்கள் பெயரையும் கவனியுங்கள். வீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டி ஒரு பெயர் என்று இருந்தால், பல்கலைக்கழகப் பதிவில் எது இருக்கிறதோ அதையே போடுங்கள். மாணவர் எண் இருந்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. அனுப்புவதும் பல்கலைக்கழக மெயில் முகவரியிலிருந்தே இருக்கட்டும்.

களப்பணியில் வந்த தடங்கலை இந்த மெயிலில் எழுதக் கூடாது. மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்து பஸ் நின்றது, நான்கு நாள் பேட்டி எடுக்க முடியவில்லை என்பதெல்லாம் உண்மையான காரணம்தான். ஆனால் அதற்குத் தனிப் படிவம் உண்டு, அதைப் பார்க்கத் தனிக் குழு உண்டு. மதிப்பீட்டாளர் காதில் போட்டுவைத்தால் அது மதிப்பெண்ணுக்காகச் சொன்னதுபோல ஆகிவிடும். படிவம் நிரப்பாமல் அவரிடம் மட்டும் சொல்லி வைத்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பதில் வந்ததும்

நல்ல பதில் வந்தது. விளக்கவுரைக்கு டீம்ஸில் வருவேன், ஜூலை 8 காலை 10:30. முன்னதாக எதுவும் அனுப்ப வேண்டாம். அன்று சொல்வதைச் சுருக்கமாக எழுதி ஒரு வாரத்துக்குள் சூப்பர்வைசரிடம் கொடுப்பேன், அவர் உங்களுக்கு அனுப்புவார். அதன் பிறகு சமர்ப்பிக்கும்வரை நான் எதையும் பார்க்க மாட்டேன். இறுதியில் வருவது இருவர் கருத்தும் சேர்ந்த ஒரே படிவம்.

இதற்கு அவள் மூன்று வரியில் பதில் போட்டாள், சூப்பர்வைசரையும் சேர்த்து. "நன்றி. நான் புரிந்துகொண்டது இது: ஜூலை 8 விளக்கவுரை, ஜூலை 15க்குள் சூப்பர்வைசர் வழியாக எழுத்துக் கருத்து, இறுதியில் ஒரே கூட்டுப் படிவம். தவறாகப் புரிந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்." இந்த மெயில் வெறும் மரியாதைக்கு இல்லை. ஜூலை 15 வந்து 20ஆம் தேதியும் ஆகி ஒன்றும் வரவில்லை என்றால், சூப்பர்வைசரிடம் "அந்தக் கருத்துகள் வந்தனவா" என்று கேட்க இது ஒரு பிடிமானம். சூப்பர்வைசருக்கும் தன் பங்கு என்ன என்று எழுத்தில் தெரிந்துவிட்டது.

தேதி, நேரம் எல்லாவற்றையும் அன்றே நம் நேரத்துக்கு மாற்றி எழுதிவையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருப்பார்கள், நாம் நாலரை மணி நேரம் முந்தி இருப்போம். மற்ற மாதங்களில் ஐந்தரை. அப்படி என்றால் காலை 10:30 விளக்கவுரை சேலத்தில் மாலை 3:00 மணி. செப்டம்பர் 4 நண்பகல் 12 மணிக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் நமக்கு மாலை 4:30. ஐந்தரையைக் கூட்டி 5:30 என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் தாமதம், தாமதத்துக்கு மதிப்பெண் குறையும். விளக்கவுரை அன்று மலைமேல் இருக்காதீர்கள் என்று அவளிடம் சொன்னேன். டவர் கிடைக்கும் இடத்தைத் தேடி மேட்டில் ஏறி நின்று காமிராவைப் பிடித்துக்கொண்டு பேசுகிற வேலையெல்லாம் வேண்டாம். அன்று கீழே வீட்டிலேயே இருந்தாள்.

கருத்து வரும் நாளைக் கணக்கிடுவது இன்னொன்று. பல்கலைக்கழகங்கள் 15 அல்லது 20 வேலை நாள் என்று சொல்வது வழக்கம், ஆய்வேட்டுக்கு இன்னும் கூடுதலாகவும் இருக்கும். வேலை நாளில் சனி, ஞாயிறு, அங்கத்திய பொது விடுமுறை மூன்றும் சேராது. செப்டம்பர் 4 வெள்ளிக்கிழமை சமர்ப்பித்தால் எண்ணிக்கை திங்கள் 7ஆம் தேதி தொடங்கும். 20 வேலை நாள் முடிவது அக்டோபர் 2 வெள்ளி. நமக்குக் காந்தி ஜயந்தி, அவர்களுக்கு வேலை நாள். ஆகஸ்டில் கணக்குப் போட்டால் இங்கிலாந்தில் கடைசித் திங்கள் விடுமுறை என்பதையும் கழிக்க வேண்டும். அன்று வருவதும் தற்காலிக மதிப்பெண்தான். தேர்வுக் குழு கூடி உறுதி செய்யும்வரை அது மாறலாம்.

பதில் வரவில்லை என்றால், அல்லது வேறு மாதிரி வந்தால்

பத்து வேலை நாள் பொறுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஆசிரியர்கள் நீண்ட விடுப்பில் போவார்கள், தானியங்கிப் பதில் வரும். அதில் திரும்பும் தேதியும், அவசரத்துக்கு யாரை அணுக வேண்டும் என்பதும் இருக்கும். அதைக் கடைசிவரை படியுங்கள். பத்து நாளுக்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் அவருக்கே மறுபடி எழுதாமல், சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஒரே அறையில் டீ குடிப்பவர்கள். ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும்.

விடுப்பு, உடல்நலம், வேலை மாற்றம் என்று நடுவில் ஆள் மாறுவதும் உண்டு. புது ஆளுக்குப் பழைய மெயிலை அப்படியே முன்னனுப்பாதீர்கள். முன்னவர் ஒப்புக்கொண்டது இவரைக் கட்டாது. அலுவலகத்திடம் "முன்பு சொல்லப்பட்ட நடைமுறை அப்படியேதான் தொடர்கிறதா" என்று ஒரு வரி கேட்டால் போதும்.

கொஞ்சம் தலைவலி தருவது இரண்டு பேர் சொல்வதும் முரண்படும்போதுதான். அவளுக்கு அது நடந்தது. நாட்டு மரத் தோட்டங்கள் எத்தனை, ஓக் தோட்டங்கள் எத்தனை என்று அவள் எண்ணிக்கை வைத்துப் பேசினாள். இரண்டாம் மதிப்பீட்டாளர் விளக்கவுரைக்குப் பிறகு எழுதியது இது: பேட்டிகள்தான் வலு, எண்ணிக்கையை விட்டுவிடலாம். சூப்பர்வைசரோ ஆரம்பத்திலிருந்தே எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லி வந்தவர். அவள் உடனே இரண்டாமவருக்கு எழுதிக் கேட்கலாமா என்றாள். கூடாது. முதலில் ஒப்புக்கொண்டபடி அந்தக் கதவு மூடிவிட்டது. முரண்பாட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போக வேண்டும், ஆனால் "அவர் இப்படிச் சொன்னார், நீங்கள் அப்படிச் சொன்னீர்கள்" என்று போகக் கூடாது. "எண்ணிக்கை அட்டவணை வேண்டும் என்று நினைக்கிறேன், காரணம் இது. ஆனால் இந்தக் கருத்தைப் படித்தபோது, அந்த அட்டவணை எதற்கு என்பதை நான் முறையியல் அத்தியாயத்தில் சொல்லவே இல்லை என்று தெரிகிறது. ஒரு பத்தி சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் சரி என்றார். அட்டவணை இருந்தது, பேட்டிகளுக்கு இடம் கூடியது, ஏன் இரண்டும் என்று ஒரு பத்தி வந்தது. இரண்டாமவர் சொன்னபடி வெட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் கருத்துக்கு ஆய்வேட்டுக்குள் ஒரு பதில் இருந்தால் போதும்.

சமர்ப்பித்த பிறகு

சமர்ப்பித்த நிமிடத்திலிருந்து அவருக்கு எந்த மெயிலும் வேண்டாம். அட்டவணையில் ஒரு எண் தப்பு என்று அப்போது கண்டுபிடித்தாலும் துறை அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மதிப்பெண் வந்த பிறகு நன்றி சொல்லி ஒரு வரி எழுதினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தோன்றினால் இருவரில் யாரிடமும் வாதாடாதீர்கள். ஒருவர் 64 போட்டு மற்றவர் 56 போட்டு, ஒப்புக்கொண்டது 58 என்று வரலாம். அது சராசரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடைவெளி பெரிதாக இருந்தால் மூன்றாவது ஆளைப் படிக்கச் சொல்வார்கள். எவ்வளவு இடைவெளிக்கு என்பது கையேட்டில் இருக்கும். இந்த ஆய்வு 58க்குத்தான் தகுமா, 62க்குத் தகுமா என்பது கல்வி சார்ந்த தீர்ப்பு. அதை மட்டும் வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர் புகார்களைப் பார்க்கும் சுயாதீன அமைப்பான ஓஐஏவும் அதில் தலையிடாது. இரண்டாவது ஆள் படிக்கவே இல்லை, கையேடு சொன்ன முறை நடக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். அது நடைமுறைக் குறை, அதைப் படிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்கலாம். அப்போது ஜூன் மாதம் போன மெயிலும் வந்த பதிலும் உங்கள் கையில் இருக்கும்.

கூட்டுப் படிவத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது, ஒவ்வொருவரும் தனியாக என்ன எழுதினார்கள் என்று தெரிய வேண்டும் என்றால் முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் சாதாரணமாகக் கேளுங்கள், பல நேரம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கவில்லை என்றால் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேர்வில் நீங்கள் எழுதிய விடைகளை அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, ஆனால் உங்கள் வேலையைப் பற்றி மதிப்பீட்டாளர் பதிவு செய்த கருத்துகளைக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மெயில் போட்டால் போதும், சேலத்தில் இருந்தே செய்யலாம், கட்டணம் பொதுவாக இல்லை. முடிவு வெளியான பிறகு கேளுங்கள், வழக்கமாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். வெளியாவதற்கு முன்னே கேட்டால் ஐந்து மாதம்வரை, அல்லது முடிவு வந்து 40 நாள்வரை, இரண்டில் எது முந்தியோ அதுவரை தள்ளிப்போட அவர்களுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது.